டியூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்த இடத்தில் ஒயிட் பேலன்ஸை நாமே அமைப்பது எப்படி?

ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே டியூப் லைட் எரிகிறது. படம் எடுத்துப் பார்த்தால் ஜன்னல் பக்கக் கன்னம் ஒரு நிறம், மறுபக்கக் கன்னம் லேசாகப் பச்சை தட்டிய மஞ்சள். அடுத்த படத்தில் கேமராவைக் கொஞ்சம் திருப்பியதும் எல்லாமே நீலத்துக்கு ஓடுகிறது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமரா தானாகவே நிறத்தைத் திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், சட்டகத்துக்குள் எந்த வெளிச்சம் அதிகம் விழுகிறதோ அதைப் பார்த்து ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக முடிவெடுப்பதால்தான் இப்படி ஆகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நிற வெளிச்சங்களையும் ஒரே நேரத்தில் வெள்ளையாக்கும் ஒயிட் பேலன்ஸ் எண் எதுவும் கிடையாது. கேமரா படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தைத்தான் செய்யும். அதனால் எந்த வெளிச்சத்தை வெள்ளையாக வைப்பது, மற்றதன் நிறம் எங்கே போய் விழட்டும் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். கிரே கார்டு எனும் சாம்பல் அட்டையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறோம் என்பதில்தான் அந்தத் தீர்மானம் இருக்கிறது.

டியூப் லைட்டை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், அல்லது திரையை முழுவதும் இழுத்துவிடுங்கள். ஒரே வெளிச்சமாகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இங்கே பேசுவது அணைக்க முடியாத இடத்தைப் பற்றி: அலுவலகம், வகுப்பறை, நூலகம் போன்ற இடங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரைப் படம் எடுப்பது.

கெல்வின் மட்டும் போதாது

ஒயிட் பேலன்ஸில் இரண்டு திசைகள் உண்டு. ஒன்று நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே ஓடுவது. அதைத்தான் கெல்வின் எண்ணால் குறிக்கிறோம். இன்னொன்று பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே ஓடுவது. இதற்கு டின்ட் என்று பெயர். ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் பெரும்பாலும் முதல் திசையில்தான் மாறும். நேர் வெயில் சுமார் 5200 முதல் 5500 கெல்வின், மேகமூட்டம் 6000 முதல் 6500, வெயில் படாத பக்கத்து ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தால் 7500-க்கும் மேலே போகும்.

டியூப் லைட் அப்படியில்லை. பழைய ஃப்ளோரசன்ட் டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டரில் ஒரு கூர்மையான பச்சைக் கோட்டைத் தருகிறது. கண் அதற்குப் பழகிவிடும், சென்சார் பழகாது. எல்இடி டியூபுகளில் இந்தப் பாதரசக் கோடு இல்லை. ஆனாலும் மலிவான எல்இடிகளில் பச்சைச் சாயல் இருப்பது சாதாரணம்.

பெட்டியில் 6500 என்று போட்ட டியூபும் மேகமூட்டமான பகல் வெளிச்சமும் கெல்வின் கணக்கில் ஒன்றுதான். எண் ஒன்றாக இருந்தும் படத்தில் இரண்டும் பொருந்தாமல் நின்றால் காரணம் டின்ட். இந்த நிலையில் கெல்வின் எண்ணை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பச்சை போகாது. K முறையில் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் சலித்துப்போவது இங்கேதான். பல போன்களின் ப்ரோ முறையில் கெல்வின் பட்டை மட்டும்தான் இருக்கிறது, டின்ட் இல்லை. அதில் முழுத் திருத்தம் செய்ய வழியில்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கெல்வின் எண்ணைக் கையால் அமைக்கும்போது குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. கேமராவில் எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும், இறக்கினால் நீலமாகும். வெளிச்சத்தின் எண் அதிகமானால் அது நீலம், கேமராவின் எண் அதிகமானால் படம் மஞ்சள். நீல வெளிச்சத்தை ஈடுகட்டத்தான் கேமரா மஞ்சளைச் சேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

முதலில் ஷட்டர் வேகம்

ஒயிட் பேலன்ஸுக்கும் ஷட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சோக் வைத்த பழைய டியூப் தொடர்ந்து எரிவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகிறது. மங்கும்போது அதன் நிறமும் மாறுகிறது, ஏனென்றால் உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் பொடிகள் எல்லாம் ஒரே வேகத்தில் அணைவதில்லை. 1/500 விநாடியில் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டுதான் படத்தில் விழும். ஒரு படம் பச்சையாகவும், அடுத்தது பழுப்பாகவும், இன்னொன்று குறுக்கே பட்டைகளோடும் வரும். ஜன்னல் வெளிச்சம் இப்படித் துடிப்பதில்லை. ஆகவே படத்துக்குப் படம் இரண்டின் கலவையே மாறிவிடும். அந்த நிலையில் எடுத்த கார்டு அளவை எதற்கும் உதவாது.

அதனால் கார்டையும் சரி, ஆளையும் சரி, 1/50 விநாடியில் எடுங்கள். 1/100 கூட ஆகும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/60. எலக்ட்ரானிக் சோக் போட்ட ஃப்ளோரசன்ட் டியூப் மிக வேகமாகத் துடிப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எல்இடி டியூபில் உள்ளே இருக்கும் டிரைவரைப் பொறுத்தது. தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு: வெற்றுச் சுவரை 1/500-இல் தொடர்ச்சியாக ஏழெட்டு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் டியூப் ஷட்டரைப் பற்றிக் கவலைப்பட வைக்காது.

ஃப்ளோரசன்ட் டியூபைப் போட்ட உடனே அளக்க வேண்டாம். சூடாகி நிலைப்பதற்குள் அதன் பிரகாசமும் நிறமும் கொஞ்சம் நகரும். பத்து நிமிடம் எரிந்தபின் ஆரம்பியுங்கள்.

எந்த வெளிச்சம் ஓங்கியிருக்கிறது?

அறை முழுவதும் ஒரே கலவை இருப்பதில்லை. ஜன்னலை விட்டு விலக விலக அதன் வெளிச்சம் வேகமாகக் குறையும். வரிசையாக மாட்டிய டியூபுகளின் வெளிச்சம் அறை நெடுகக் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். ஆகவே ஆள் உட்காரும் இடத்தில், முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தால்தான் அது கணக்கு.

இதற்கு ஒரு கிரே கார்டும் பேனாவும் போதும். கார்டை முகம் இருக்கும் இடத்தில் ஓரளவு மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பேனாவைக் காட்டுங்கள். இரண்டு நிழல்கள் விழும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் விழும் நிழலில் ஜன்னல் வெளிச்சம் மறைந்திருக்கிறது, அங்கே விழுவது டியூப் வெளிச்சம் மட்டும்; அது மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும். டியூப் போடும் நிழலில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருக்கிறது, அது நீலமாகத் தெரியும். எந்த நிழல் அதிகம் கறுத்திருக்கிறதோ அதை உண்டாக்கிய வெளிச்சம்தான் அந்த இடத்தில் பலமானது.

டியூப் நீளமானது என்பதால் பேனாவை அதற்குக் குறுக்கே பிடித்தால் நிழல் கரைந்துபோய்விடும். டியூபின் நீளவாக்கிலேயே பிடியுங்கள், ஓரளவு தெளிவாக விழும். இரண்டு நிழல்களுக்கும் நிற வித்தியாசமே தெரியவில்லையா? அப்படியானால் உங்கள் இரண்டு வெளிச்சங்களும் நெருக்கமான நிறம். கார்டைக் கேமரா பார்க்கப் பிடித்து ஒரே ஒரு அளவை எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால், டியூபை ஒரு நிமிடமாவது அணைக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அணைத்து ஒரு தடவை, திரையை இழுத்துவிட்டு டியூபோடு ஒரு தடவை கார்டை மீட்டர் செய்யுங்கள். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு. வித்தியாசம் மூன்று ஸ்டாப் என்றால் ஒன்று மற்றதைப்போல் எட்டு மடங்கு. பலவீனமானது நிழல்களில் மட்டும்தான் தலைகாட்டும். ஒரு ஸ்டாப்புக்கும் குறைவாக இருந்தால்தான் உண்மையான சிக்கல். அப்போது ஒயிட் பேலன்ஸைத் தொடுவதற்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள். ஜன்னலுக்கு ஓர் அடி நெருங்கினால் கிடைக்கும் பலன் மெனுவில் அரைமணி நேரம் தேடினாலும் கிடைக்காது.

கார்டைப் பிடிக்கும் விதம்

கிரே கார்டுக்குப் பதிலாக வெள்ளைக் காகிதம் போதாதா என்று கேட்பார்கள். பெரும்பாலான பிரின்டர் காகிதங்களில் வெண்மையூட்டிகள் கலந்திருக்கும். அவை புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். ஜன்னல் வெளிச்சத்தில் புற ஊதா ஓரளவு இருக்கிறது, எல்இடி டியூபில் அநேகமாக இல்லை. அதாவது ஒரே காகிதம் ஒரு வெளிச்சத்தில் ஒரு வெள்ளை, இன்னொரு வெளிச்சத்தில் வேறு வெள்ளை. கலப்பு வெளிச்சத்தை அளக்க அது சரிப்படாது. ஒயிட் பேலன்ஸுக்கென்றே விற்கும் சாம்பல் அட்டைதான் நம்பகம்.

கார்டை ஆளின் கையிலேயே கொடுத்து, முகத்துக்கு ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேமராவோடு நெருங்கும்போது உங்கள் உடல் ஜன்னலை மறைக்கக் கூடாது. அடர் நிறச் சட்டை போட்டிருந்தால் அதன் நிறமும் கார்டில் ஏறும், ஆகவே மார்போடு ஒட்ட வேண்டாம். வெற்றுச் சாம்பலில் ஆட்டோஃபோகஸ் தடுமாறி ஷட்டரே விழாமல் போகலாம், மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் கலங்கியிருந்தாலும் பரவாயில்லை.

இப்போது மூன்று கோணங்கள். கார்டு ஜன்னலைப் பார்க்க ஒரு படம், கூரையைப் பார்க்க ஒரு படம், கேமராவைப் பார்க்க ஒரு படம். தட்டையான பரப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்து வெளிச்சத்தை அதிகம் வாங்கும். ஆகவே மூன்று படங்களும் மூன்று வேறு ஒயிட் பேலன்ஸைத் தரும். கேமராவைப் பார்க்கப் பிடிப்பதுதான் முறை என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே வெளிச்சம் இருக்கும்போது அது சரி. கலப்பு வெளிச்சத்தில் அது ஒரு சராசரியைத் தரும். அந்தச் சராசரியில் வெளிச்சப் பக்கக் கன்னமும் சரியாக வராது, நிழல் பக்கக் கன்னமும் சரியாக வராது.

என் விருப்பம் இது. முகத்தில் அதிக வெளிச்சம் படும் கன்னம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, கார்டும் அதே திசையைப் பார்க்கட்டும். பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அந்தக் கன்னத்தில்தான். அங்கே தோல் நிறம் சரியாக இருந்தால் நிழல் பக்கத்தில் கொஞ்சம் நிறம் ஏறியிருப்பதைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

கேமராவில் ஏற்றுவது

கேனானில் கார்டைச் சாதாரணமாகப் படம் எடுத்து, மெனுவில் `Custom White Balance` போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. ஒயிட் பேலன்ஸ் முறையையும் கஸ்டம் குறிக்கு மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, ஒன்றுமே மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய.

நிக்கானில் ஒயிட் பேலன்ஸை `PRE`-க்கு மாற்றி, பட்டனை விட்டுவிட்டு மறுபடி அழுத்திப் பிடித்தால் `PRE` மின்னத் தொடங்கும். மின்னும் சில விநாடிகளுக்குள் கார்டைச் சட்டகம் நிறைய வைத்து ஷட்டரை அழுத்த வேண்டும். `Gd` வந்தால் அளவை பதிவாகிவிட்டது. `no Gd` வந்தால் வெளிச்சம் மிகக் குறைவு அல்லது அதிகம். இந்த முறையில் படம் மெமரி கார்டில் சேமிக்கப்படுவதில்லை, அளவை மட்டும்தான் பதிவாகும். புதிய மிரர்லெஸ் மாடல்களில் திரையிலேயே அளக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

சோனியில் கஸ்டம் அமைப்புக்குள் போய், திரையில் தெரியும் வட்டத்தைக் கார்டின் மேல் வைத்து அழுத்தினால் போதும். கெல்வின் எண்ணையும் பச்சை-மெஜந்தா அளவையும் எண்ணாகவே காட்டிவிடும். கார்டை மூன்று பக்கமும் திருப்பி மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் அறையின் வெளிச்சம் முழுவதும் கையில் வந்துவிடும்.

எந்தக் கேமராவானாலும் கார்டு படத்தில் எந்த நிறமும் வெளுத்துப் போயிருக்கக் கூடாது. மூன்று நிறங்களில் ஒன்று உச்சியில் முட்டிவிட்டால் அதன் விகிதம் பொய்யாகிவிடும், திருத்தமும் பொய்யாகும். மீட்டர் நடுவில் நிற்கும்படி எடுத்தால் போதும்.

சரியாக விழுந்ததா என்று பார்ப்பது

கேமராத் திரையை நம்பித் தீர்மானிக்காதீர்கள். அதே கலப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டு, அதற்குப் பழகிய கண்ணோடு பார்க்கிறோம். அதற்குப் பதில் புது அமைப்போடு, முன்பு பிடித்த அதே கோணத்தில் கார்டை இன்னொரு படம் எடுத்து, ஒவ்வொரு நிறத்தின் பிரகாசத்தையும் வரைபடமாகக் காட்டும் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறவுங்கள். கார்டு சட்டகத்தை நிறைத்திருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வொரு குறுகிய மேடு இருக்கும். மூன்று மேடுகளும் ஒரே இடத்தில் நின்றால் அளவை சரி.

பச்சை மட்டும் வலப்பக்கம் தள்ளி நின்றால் பச்சை மிச்சமிருக்கிறது. சிவப்பும் நீலமும் சேர்ந்து பச்சையைத் தாண்டி நின்றால் மெஜந்தா கூடிவிட்டது. சிவப்பு வலப்பக்கம், நீலம் இடப்பக்கம் என்றால் படம் மஞ்சள். மாறி நின்றால் நீலம். படத்தில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஒயிட் பேலன்ஸ் செய்த ஜேபெக்கிலிருந்து வருவதால்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது. ரா ஃபைல் மட்டும் எடுத்தாலும் உள்ளே இருக்கும் சிறு ஜேபெக்கை வைத்தே அது வரையப்படுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இடப்பக்கம் ஜன்னல், வெளியே மேகமூட்டம், சுமார் 6500 கெல்வின். மேலே 4000 கெல்வின் டியூப். ஆள் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார். 1/50, f/4 வைத்து அளந்தால், ஜன்னல் மட்டும் இருக்கும்போது இடக் கன்னத்துக்கு ஐஎஸ்ஓ 400 வேண்டியிருக்கிறது, டியூப் மட்டும் இருக்கும்போது 1600. வித்தியாசம் இரண்டு ஸ்டாப். அதாவது இடக் கன்னத்தில் ஜன்னல் நான்கு பங்கு, டியூப் ஒரு பங்கு. வலக் கன்னத்துக்கு ஜன்னல் வெளிச்சம் குறைவாகப் போகிறது, மேலிருந்து வரும் டியூப் அதே அளவு. அங்கே ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

கெல்வின் எண்களை நேரடியாகச் சராசரி எடுத்தால் தவறான விடை வரும். 3000-க்கும் 3500-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பெரிது. 6000-க்கும் 6500-க்கும் உள்ளது சிறிது. அதற்காகத்தான் மைரெட் என்ற அளவு இருக்கிறது: பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் மைரெட். 6500 கெல்வின் 154 மைரெட், 4000 கெல்வின் 250 மைரெட். கலவையை இந்த எண்களில் கணக்கிட்டால் தோராயமாகச் சரியாக வரும்.

```
இடக் கன்னம்: (4 × 154 + 1 × 250) ÷ 5 = 173  →  5800 கெல்வின்
வலக் கன்னம்: (1 × 154 + 1 × 250) ÷ 2 = 202  →  4950 கெல்வின்
```

கார்டை இடக் கன்னத்தின் திசையில் பிடித்து அளந்தால் கேமரா 5800-க்குப் பக்கத்தில் போய் நிற்கும், டியூபின் பச்சையை ஈடுகட்ட மெஜந்தாவும் ஒரு துளி சேர்த்திருக்கும். வலக் கன்னம் 29 மைரெட் மஞ்சளாகவும், கொஞ்சம் பச்சையாகவும் மிஞ்சும். இந்த மஞ்சளைப் பலர் ரசிக்கக்கூடச் செய்வார்கள். பச்சைதான் ஆளை நோயாளி போலக் காட்டும்.

இந்த மிச்சத்தைக் குறைக்க மெனுவுக்குள் போகாதீர்கள். வலப்பக்கம், சட்டகத்துக்கு வெளியே, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை ஜன்னலைப் பார்க்க நிறுத்துங்கள். அது ஜன்னல் வெளிச்சத்தையே வலக் கன்னத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கே ஜன்னல் பங்கு ஒன்றிலிருந்து இரண்டானால் கலவை 186 மைரெட், அதாவது சுமார் 5400 கெல்வின். இரண்டு கன்னங்களுக்கும் இடைவெளி 29-லிருந்து 13-ஆக இறங்கிவிட்டது. பச்சையும் அதே விகிதத்தில் நீர்த்துப்போகும். பலகை வைத்தபின் கார்டை மறுபடி ஒரு தடவை எடுத்துவிடுங்கள்.

இன்னும் பச்சை உறுத்தினால் மட்டும் ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் கட்டத்தில் மெஜந்தா பக்கம் ஒரு படி நகர்த்துங்கள். கஸ்டம் அளவைக்கு மேலேயே இதைச் சேர்க்கப் பெரும்பாலான கேமராக்கள் விடுகின்றன. நகர்த்தியபின் பார்க்க வேண்டியது நிழல் பக்கத்தை அல்ல, வெளிச்சப் பக்கத்தை. நெற்றியிலும் மூக்கின் மேட்டிலும் ரோஸ் தட்ட ஆரம்பித்தால் ஒரு படி அதிகமாகப் போய்விட்டோம் என்று அர்த்தம். அதே கட்டத்தில் நீலம்-மஞ்சள் திசையும் உண்டு; கேனானில் அதன் ஒரு படி 5 மைரெட்.

டியூப்தான் ஓங்கி நிற்கிறது என்றால்

அறையின் உட்புறத்தில், அல்லது மாலை மங்கும் நேரத்தில், பேனா சோதனையில் டியூபின் நிழல்தான் கறுத்துத் தெரியும். அப்போது கார்டைக் கூரைப் பக்கம் சாய்த்து எடுப்பதுதான் முறை. தோல் நன்றாக வந்துவிடும். ஆனால் கேமரா சேர்த்த மெஜந்தா படம் முழுவதும் பரவுகிறது, பச்சையே இல்லாத ஜன்னல் வெளிச்சத்திலும் சேர்த்துத்தான். பின்னால் தெரியும் ஜன்னலோரச் சுவர் ஊதாவாக மாறும். கேமராவில் தயாராக இருக்கும் ஃப்ளோரசன்ட் அமைப்பைப் போட்டாலும் பல நேரம் இதே ஊதா வரும்.

வழி இரண்டு. ஜன்னலைச் சட்டகத்திலிருந்து ஒதுக்கும்படி கோணத்தை மாற்றுவது ஒன்று. முடியாவிட்டால் மெஜந்தாத் திருத்தத்தைப் பாதியாகக் குறைப்பது மற்றொன்று. டியூப் படும் இடத்தில் கொஞ்சம் பச்சை மிஞ்சும், ஜன்னலில் கொஞ்சம் ஊதா மிஞ்சும், இரண்டும் தாங்கக்கூடிய அளவில். முகம் மட்டும் முக்கியம் என்றால் முழுத் திருத்தம் செய்வேன். அறையையும் காட்ட வேண்டிய படம் என்றால் பாதியில் நிறுத்துவேன்.

வீடியோவுக்காக நாள் முழுவதும் அதே அறையில் வேலை என்றால், டியூபின் மேல் மைனஸ் கிரீன் என்ற மெஜந்தாத் தாளைச் சுற்றுவதுதான் நேர்மையான தீர்வு. 6500 கெல்வின் டியூபில் அதைச் சுற்றினால் மேகமூட்டமான ஜன்னல் வெளிச்சத்துக்கு நெருக்கமாக வந்துவிடும். முழு, அரை, கால் என்று பல அடர்த்திகளில் கிடைக்கும். பேனாவின் இரண்டு நிழல்களும் நிறத்தில் ஒத்துப்போகும் வரை மாற்றிப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி எப்போது அளப்பது

டியூப் அப்படியே இருக்கும், ஜன்னல்தான் மாறிக்கொண்டே இருக்கும். மேகம் விலகி வெயில் அடித்தால் ஜன்னலின் நிறம் மட்டுமல்ல, அதன் பங்கும் மாறுகிறது. ஐஎஸ்ஓ-வை ஒரு ஸ்டாப் மாற்ற வேண்டி வந்தாலே கார்டையும் மறுபடி எடுப்பது நல்ல வழக்கம். ஆள் எழுந்து இரண்டு அடி நகர்ந்தாலும் அப்படியே. முகத்தை ஜன்னலிலிருந்து உட்புறம் திருப்பினால் எந்தக் கன்னத்தில் அதிக வெளிச்சம் என்பதே மாறிவிடும், ஆகவே கார்டின் திசையும் மாறும்.

ரா ஃபைலில் எடுப்பவர்கள் ஒயிட் பேலன்ஸைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் எதை வைத்து மாற்றுவது? ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு கார்டு படம் இருந்தால், கணினியில் அதன் மேல் ஒரு சொடுக்கு, அந்த வரிசையில் உள்ள எல்லாப் படங்களுக்கும் அதே எண். கார்டை வெளிச்சக் கன்னத்தின் திசையில் ஒன்று, நிழல் கன்னத்தின் திசையில் ஒன்று என்று இரண்டாக எடுத்துவைப்பது இன்னும் நல்லது. நிழல் பக்கத்துக்கு மட்டும் தனி மாஸ்க் போட்டு நிறத்தைத் திருத்தும்போது, எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை இரண்டாவது கார்டு படம் எண்ணாகவே சொல்லிவிடும். ஜேபெக்கிலும் வீடியோவிலும் இந்த வசதி மிகக் குறைவு. அழுத்திப் பதிந்துவிட்ட பச்சையை எடுக்கப் போனால் தோலின் சிவப்பும் சேர்ந்து கலங்கும். அதில் எடுப்பவர்கள் பதிவு பட்டனை அழுத்துவதற்கு முன்பே ஹிஸ்டோகிராமின் மூன்று மேடுகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.